சைபர்பங்க் 2077: ஸ்டீம் டெக்கா, லேப்டாப்பா?

சைபர்பங்க் 2077 விளையாட்டைக் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் ஆடுவதா, கேமிங் லேப்டாப்பில் ஆடுவதா என்று யோசிக்கிறீர்களா? பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்ப வேண்டாம். பேட்டரியின் வாட்-மணி அளவை, விளையாடும்போது இழுக்கும் வாட்டால் வகுத்துப் பாருங்கள்.

ஸ்டீம் டெக் ஓஎல்இடியில் இருப்பது 50 வாட்-மணி. கனமான விளையாட்டில் திரையும் சேர்த்து 25 வாட் போகிறது என்று வைத்தால் சரியாக 2 மணி நேரம். கேமிங் லேப்டாப்பில் 90 வாட்-மணி இருக்கலாம். ஆனால் பேட்டரியில் ஓடும்போது அது 75 வாட் இழுத்தால் 1 மணி 12 நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய பேட்டரிதான் முதலில் தீர்கிறது.

சரி, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வரும்? சார்ஜரில் இருக்கும் வரை லேப்டாப்பை டெக் நெருங்கவே முடியாது. சார்ஜரைக் கழற்றியதும் கதை மாறும். கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகும் மின்சாரத்தை லேப்டாப்பே குறைத்துவிடும், ஃப்ரேம் சட்டென்று விழும். அதனால் சார்ஜர் செருகி எடுத்த ஃப்ரேம் எண்ணிக்கையை டெக்கின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது நியாயமில்லை. திரையையும் பாருங்கள்: 2560x1600 லேப்டாப் திரையில் டெக்கின் 1280x800-ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள்.

டெக்கில் எனக்குப் பிடித்தது நொடிக்கு 40 ஃப்ரேம் வரம்பு. 30-இல் ஒரு ஃப்ரேமுக்கு 33.3 மில்லிசெகண்ட், 60-இல் 16.7. 40-இல் 25, அதாவது இரண்டுக்கும் சரியாக நடுவில். கை உணரும் வித்தியாசம் அது. ஆனால் இந்த விளையாட்டில் கூட்டமான சந்தைப் பகுதிக்குள் நுழைந்தால் 40 நிற்காது. அங்கேயே நின்று அளந்துவிட்டு, 30-க்கு இறக்குங்கள்.

வீட்டில் பிளக் பக்கத்தில் ஆடுபவருக்கு லேப்டாப். ரயிலில் ஆடுபவருக்கு டெக்.