பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் மறந்தால்: எந்த வழி கைகொடுக்கும்?

"முதலில் வளர்த்த நாயின் பெயர் என்ன?" என்று கேட்கிறது திரை. `Ponni` என்று அடித்தால் தவறு. பெயர் மறக்கவில்லை, அன்றைக்கு `ponny` என்று அடித்தோமா, தமிழிலேயே `பொன்னி` என்று அடித்தோமா என்பதுதான் மறந்துவிட்டது.

இந்த இடத்தில் கணக்கு மீட்கும் முறைகள் பிரிகின்றன. கறாரானவை, அடித்ததை அப்படியே ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத ஒரு குறியாக மாற்றி, சேமித்த ஹாஷோடு ஒப்பிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கடைசியில் விழுந்த ஒரு இடைவெளி, எது மாறினாலும் கதவு திறக்காது. கொஞ்சம் இரக்கமுள்ளவை முதலில் பதிலைச் சீராக்கும்:

```python
unicodedata.normalize("NFC", s).strip().casefold()
```

ஒரே எழுத்தின் வெவ்வேறு யூனிகோட் வடிவங்களை ஒன்றாக்கும் அந்த NFC தமிழுக்கு முக்கியம். 'பொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஹாஷுக்கு வேறு. ஆனால் எவ்வளவு சீராக்கினாலும் `ponni`யும் `ponny`யும் ஒன்றாகாது. "கிட்டத்தட்ட சரி" என்று ஏற்க வேண்டுமானால் பதிலைப் படிக்கக்கூடிய வடிவில் வைத்திருக்க வேண்டும். அதன் விலை என்ன? 2014-இல் நடந்து 2016-இல் வெளியே வந்த யாஹூ திருட்டில் சில கணக்குகளின் கேள்வி பதில்கள் குறியாக்கம் இல்லாமலே போயின. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், நாயின் பெயரை எப்படி மாற்றுவது?

மாற்று வழி, கேள்வியை விட்டுவிட்டு போனுக்கோ இன்னொரு மின்னஞ்சலுக்கோ குறியீடு அனுப்புவது. கூகுள் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் பயனர்களில் 40 சதவீதம் பேருக்குத் தேவைப்பட்டபோது பதில் நினைவில்லை. குறுஞ்செய்தி வழியில் 80 சதவீதம் பேர் மீண்டார்கள். இதே ஆய்வில் இன்னொரு வேடிக்கை: கேட்டுப் பார்த்ததில், பொய்ப் பதில் கொடுத்ததாக ஒப்புக்கொண்டவர்களில் 37 சதவீதம் பேர், யாரும் யூகிக்கக் கூடாதென்றே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். பலருடைய பொய்யும் ஒரே மாதிரி இருந்ததால் யூகிப்பது இன்னும் சுலபமாகிவிட்டது!

குறுஞ்செய்தியிலும் ஓட்டை உண்டு. எண்ணை மாற்றினால் குறியீடு வராது. போன் நிறுவனத்தை ஏமாற்றி நம் எண்ணுக்கு சிம் வாங்கியவனுக்கு வந்துவிடும். அதனால் எனக்குப் பிடித்தது, தளம் தருவதை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைக்கும் ஒருமுறைக் குறியீடுகள். காகிதம் தொலையாதவரை இவற்றை நினைவிலும் வைக்க வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

கேள்வியைத் தவிர வேறு வழியே தராத கணக்கு இருந்தால், கடவுச்சொல் கையில் இருக்கும்போதே உள்ளே போய்ப் பதிலை மாற்றுங்கள். உண்மையும் வேண்டாம், யோசித்த பொய்யும் வேண்டாம். கடவுச்சொல் மேலாளர் உருவாக்கும் ஏதோ ஒரு எழுத்துக் கோவையை, எந்தக் கேள்விக்கு எது என்று குறித்து, அதே மேலாளரில் சேமியுங்கள். சில தளங்கள் சிறப்புக் குறிகளைச் சொல்லாமல் வெட்டிவிடும் என்பதால் சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும்.