ஆங்கில வக்கீல் நோட்டீஸுக்குப் பதில்: தமிழிலா, ஆங்கிலத்திலா?

சாயப்பட்டறை பில் 1,86,000 ரூபாய் கேட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் மச்சானுக்கு ஆங்கிலத்தில் நோட்டீஸ் வந்தது. “தமிழில் பதில் போட்டால் செல்லுமாங்க?” என்றார். செல்லும். நோட்டீஸின் மொழியிலேயே பதில் தர வேண்டும் என்று சட்டம் இல்லை.

செலவு: தமிழில் தானே எழுதினால் தபால் செலவுதான். ஆங்கிலத்துக்கு வக்கீல் கட்டணம்.

தெளிவு: இதில் தமிழ்தான் மேல். அவர் எழுதியது: “1,38,000 ரூபாயை ஏற்கிறேன். 48,000 ரூபாயை மறுக்கிறேன். அந்த நீலத் துணி சாம்பிள் நிறத்துக்கு ஒத்துவராததால், சலான் போட்டு மறுநாளே திருப்பிவிட்டேன்.” ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரியும், நாளை சாட்சிக்கூண்டில் தடுமாற மாட்டார். புரியாத ஆங்கிலத்தில் கையெழுத்திட்டால் அந்த உறுதி இருக்காது.

ஆபத்து: இரண்டிலும் ஒன்றுதான். வழக்குப் போடுவதற்கான 3 ஆண்டு காலவரம்பு முடியும் முன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த 3 ஆண்டு அன்றிலிருந்து புதிதாக ஓடும். “கொஞ்சம் டைம் கொடுங்கள்” என்பதைக்கூட அப்படி எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதனால் ஏற்கும் தொகையையும் மறுக்கும் தொகையையும் பிரித்தே எழுதுங்கள்.

உள்ளூர் பில் தகராறு, கையில் சலான் இருக்கிறது என்றால் தமிழ் போதும். எதிர்த்தரப்பு வெளிமாநிலம் என்றாலோ, செக் திரும்பிய நோட்டீஸ் என்றாலோ வக்கீலிடம் போங்கள். செக் நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம்.