குதிரைலாட விரிப்பு: மூன்றாம் அட்டையை எப்போது திறப்பது?

குறி பார்க்கப் பயன்படும் டாரட் அட்டைகளின் குதிரைலாட விரிப்பில் ஏழு அட்டைகளை இடமிருந்து வலமாக வளைவாக அடுக்குவர். அவை முறையே கடந்த காலம், நிகழ்காலம், மறைந்திருக்கும் தாக்கம், தடை, சுற்றியிருப்போரின் மனநிலை, அறிவுரை, விளைவு ஆகியவற்றைக் குறிக்கும் என்பது பரவலான வரிசை.

வரிசைப்படி திறந்தால், மூன்றாம் அட்டை பின்வருபவை அனைத்திற்கும் தன் சாயலை ஏற்றிவிடும்: வேலை மாறலாமா என்ற கேள்விக்கு அங்கே வஞ்சகத்தையும் மறைப்பையும் குறிக்கும் வாள் ஏழு என்ற அட்டை வந்துவிட்டால், ஐந்தாம் இடத்துக் கோப்பை மூன்றுகூட நட்பாக அன்றி, கூடிப் பேசும் சதியாகவே தோன்றும்.

மூன்றாவதைக் கவிழ்த்தே வைத்து மற்ற ஆறையும் படித்தபின் திறந்தால், அதே கோப்பை மூன்று முதலில் சக ஊழியர்களின் பாசமாகப் படிக்கப்படும். பிறகு வரும் வாள் ஏழு, கேட்பவரே அவர்களிடம் மறைத்துவரும் திட்டத்தைச் சுட்டக்கூடும். நேரம் கூடும்தான், ஆயினும் முடிவெடுக்கும் கேள்விக்கு நான் இதையே தேர்வேன்.