மார்த்தாண்டம் பக்கம் தொழில்கடன் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களின் திட்ட அறிக்கையை நம்பிக் கையெழுத்திடும் முன் படியுங்கள்

என் அக்காவின் கணவர் மார்த்தாண்டத்துக்கு அருகே ஏத்தங்காய் சிப்ஸ் தயாரிக்கும் சிறு தொழிலை நடத்தி வருகிறார். புதிய வறுக்கும் இயந்திரத்துக்காக வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்து, ஒரு நிதி நிறுவனத்தில் 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவர், அதற்கு 20,000 ரூபாய் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். அவர் தயாரித்துக் கொடுத்த திட்ட அறிக்கையில், கடனைத் திருப்பிச் செலுத்தும் திறனைக் காட்டும் டி.எஸ்.சி.ஆர். விகிதம் 2.28 என்று இருந்தது. "அண்ணாச்சி, பேங்க்காரனே ஒன்றரைதான் கேப்பான், உங்களுக்கு ரெண்டுக்கு மேல இருக்கு" என்று அவர் சொன்னதை நம்பி அத்தான் கையெழுத்திட்டார். இன்று மாதத் தவணைக்கான காசோலைகள் திரும்புகின்றன.

பிறகு அந்த அறிக்கையை நான் வரி வரியாகப் பார்த்தேன். எண்கள் எவையும் பொய்யல்ல. வைக்கவேண்டிய எண்களை வைக்காமல் விட்டதில்தான் ஏமாற்று இருந்தது. இந்த விகிதத்தைக் கணக்கிடும்போது நிகர லாபத்துடன் தேய்மானத்தையும் தவணைக் கடனுக்குக் கட்டிய வட்டியையும் கூட்டி, வரும் தொகையை ஆண்டுக்குக் கட்டவேண்டிய தவணைகளின் மொத்தத்தால் வகுப்பார்கள். தேய்மானம் கணக்கில் செலவாக எழுதப்பட்டாலும் கையிலிருந்து பணமாகப் போவதில்லை. வட்டியோ தவணைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் இரண்டு முறை கழியக் கூடாது. அத்தானின் கணக்கில் லாபம் 4.80 லட்சம், தேய்மானம் 0.80 லட்சம், வட்டி 0.90 லட்சம், ஆக 6.50 லட்சம். 15 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கும் 10 லட்சத்துக்கு மாதத் தவணை 23,790 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 2.85 லட்சம். தரகர் 6.50 லட்சத்தை இந்த 2.85 லட்சத்தால் மட்டும் வகுத்து 2.28 என்று காட்டிவிட்டார்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இயந்திரக் கடனுக்கு மாதம் 20,000 ரூபாயும், அக்காவின் பெயரில் எடுத்திருந்த லோடு வேனுக்கு மாதம் 11,000 ரூபாயும் கட்டப்பட்டு வந்தன. வேன் அக்காவின் பெயரில் இருப்பதால் தொழில் கணக்கில் அதன் தவணை வராது. ஆனால் அதைக் கட்டும் பணம் சிப்ஸ் விற்ற பணம்தான். அதோடு, உரிமையாளருக்குச் சம்பளம் என்று எதுவும் எழுதப்படாத தொழில்களில் வீட்டுச் செலவு லாபத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. அத்தான் மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 1.80 லட்சம் எடுத்தார். அதைக் கழித்தால் கையில் நிற்பது 4.70 லட்சம், மூன்று கடன்களுக்கும் சேர்த்துக் கட்டவேண்டியது 6.57 லட்சம். வகுத்தால் கிடைப்பது 0.72. ஒரு ரூபாய் கட்டவேண்டிய இடத்தில் 72 காசுதான் இருக்கிறது. ஒரு ரூபாய்த் தவணைக்கு ஒன்றேகால் ரூபாயாவது கையில் இருக்கும்படி இதை 1.25 ஆக்குவதற்கே புதிய இயந்திரம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கூடுதலாக ஈட்டித் தந்திருக்க வேண்டும். அதற்கான விற்பனை ஆர்டர் ஒன்றுகூட அறிக்கையில் இல்லை.

ஆண்டுக் கணக்கு மறைக்கும் மற்றொரு விஷயமும் உண்டு. களியக்காவிளைக்கு அப்பால் உள்ள கடைகளுக்குப் போகும் சரக்கில் பெரும்பகுதி ஓணத்தை ஒட்டியே விற்கிறது; அந்த நேரத்தில் ஏத்தன் குலையின் விலையும் ஏறிவிடுகிறது. மற்ற பல மாதங்களில் அத்தானின் கையில் மிஞ்சுவது 25,000 ரூபாய் அளவுதான். தவணைகளோ ஒவ்வொரு மாதமும் 54,790 ரூபாய் கேட்கின்றன. ஆகையால் ஆண்டு விகிதத்தை மட்டும் பார்க்காமல், விற்பனை மிகக் குறைந்த மூன்று மாதங்களின் வரவையும் அந்த மாதங்களின் தவணைகளையும் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். கடைக்காரர்களிடம் கடனாக நிற்கும் விற்பனையை வந்த பணமாக எழுதாதீர்கள்.

தரகர் அறிக்கை தந்தால், விகிதம் கணக்கிடப்பட்ட பக்கத்தில் அசலும் வட்டியும் இருக்கும் வரிகளைத் தேடுங்கள். அங்கே புதிய கடன் மட்டும் இருந்து, பழைய கடன்களும் குடும்பத்தினர் பெயரிலுள்ள கடன்களும் இல்லாவிட்டால், அந்த விகிதத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஈட்டின் மதிப்பைப் பார்த்துக் கடன் தரும் நிறுவனம் இதைச் சொல்லித் தரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. தவணை நின்றாலும் அதன் கையில் வீட்டுப் பத்திரம் இருக்கிறது.

கடன் வாங்குவதற்கு முன் அத்தானின் உண்மையான விகிதம் 4.70 லட்சத்தை 3.72 லட்சத்தால் வகுத்த 1.26. அதில் புதிய தவணைக்கு இடமே இல்லை என்பதைத் தரகர் சொல்லியிருக்க வேண்டும். வேன் கடன் தீர இன்னும் 14 மாதங்களே இருந்தன. அது தீர்ந்த பிறகு, 1.25 விகிதம் குறையாமல் மாதம் 11,300 ரூபாய் வரை புதிய தவணையைத் தாங்கியிருக்கலாம். அதே வட்டியில் அது சுமார் 4.75 லட்சம் ரூபாய்க் கடனுக்குப் போதுமானது.