சினைப்பை டிரில்லிங்: சில வருடங்கள் கழித்துச் சொல்கிறேன்

மேலூர்ப் பக்கம் என் சொந்தத்திலேயே இரண்டு பெண்கள், பி.சி.ஓ. என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்குச் செய்யும் டிரில்லிங் ஆபரேஷன் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

எனக்கும் பி.சி.ஓ.தான். முட்டை வளரக் கொடுக்கும் லெட்ரோசோல் மாத்திரையை 7.5 மி.கி. வரை ஏற்றியும் முட்டை வளரவில்லை. ஸ்கேன் தாளில் வலது, இடது இரண்டிலும் 8, 9 மி.மீ. என்றே வரும், 18 மி.மீ.யாவது வந்தால்தான் வெடிக்கும் நிலை. எடை அதிகமில்லை, எல்.எச். ஹார்மோன் மட்டும் கூடுதல். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் டிரில்லிங் நன்றாகக் கேட்கும் என்றார் மதுரையில் பார்த்த டாக்டர். முட்டை வளர்க்கும் ஊசியைத் தினமும் போட்டு அடிக்கடி ஸ்கேனுக்கு ஓட வேண்டாம், இரட்டைக் குழந்தை வாய்ப்பும் ஊசியைவிடக் குறைவு என்பதால் ஒத்துக்கொண்டேன்.

பலர் நினைப்பதுபோல் நீர்க்கட்டிகளை எடுத்துவிடுவதில்லை. மயக்க மருந்து கொடுத்து, தொப்புள் வழியாக லேப்ராஸ்கோப் விட்டு, சூட்டு ஊசியால் சினைப்பையில் சில இடங்களைச் சுடுகிறார்கள். ஆண் ஹார்மோன் சுரக்கும் திசு கொஞ்சம் அழிவதால் முட்டை வளர வழி பிறக்கிறது. பொதுவான கணக்கு: ஒரு பக்கத்துக்கு 4 துளை, ஒவ்வொன்றும் 4 விநாடி, 40 வாட். எத்தனை துளை என்று முன்னாடியே கேளுங்கள். அதிகமாகச் சுட்டால் முட்டை இருப்பே குறைந்துவிடும். சுட்ட இடம் குடலோடோ கருக்குழாயோடோ ஒட்டிக்கொள்ளவும் கூடும். 1935-இல் தொடங்கிய, சினைப்பையில் ஆப்பு போல வெட்டியெடுக்கும் பழைய ஆபரேஷன் கைவிடப்பட்டதற்கு இந்த ஒட்டுதல் முக்கியக் காரணம். அதே மயக்கத்திலேயே நீல மருந்து செலுத்திக் கருக்குழாய் அடைப்பையும் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி; தானாகவே அடங்கியது. காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலியோ இருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

வேலை செய்ததா என்பதை மாதவிலக்கு வந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு புரொஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையில் 3 ng/mL-க்கு மேல் இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது. எனக்கு முதலில் அது ஏறவில்லை. மூன்று மாதம் போல் பார்த்துவிட்டு, அதே லெட்ரோசோலை 2.5 மி.கி.யில் கொடுத்தார்கள், இந்த முறை முட்டை வளர்ந்தது, மகள் பிறந்தாள். முன்பு கேட்காத மாத்திரை பிறகு கேட்பதே பலருக்கு இதில் கிடைக்கும் பலன்.

ஆனால் பி.சி.ஓ. போய்விடவில்லை. மகள் பிறந்த பிறகு மாதவிலக்கு கொஞ்ச காலம் ஒழுங்காக வந்து, அப்புறம் மறுபடி தள்ளிப் போகிறது. முகத்து முடி குறையவில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. டிரில்லிங் இன்சுலின் கோளாறைத் தொடுவதில்லை.

கேட்டவர்களில் ஒருத்திக்கு பி.எம்.ஐ. 38. அவளுக்கு டிரில்லிங் அவ்வளவாக எடுபடாது என்று சொல்லி, எடைக் குறைப்பு ஆபரேஷனைப் பற்றி டாக்டர் பேசியிருக்கிறார். அதைச் செய்தால் குறைந்தது ஒரு வருடமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். அவளுக்கு வயது 27, அதனால் காத்திருக்க இடமிருக்கிறது.