நாலே டிராயிங்ல நெருப்பு: மாத்தி மாத்தி காட்டுறதா, மேல ஏத்தி விடுறதா?

கையால வரையுற அனிமேஷன்ல நெருப்பு வரையணும், ஆனா இருக்கிற நேரத்துக்கு நாலு டிராயிங்குக்கு மேல முடியாதுன்னா ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம நாலு நெருப்பு வரைஞ்சு அதை மாத்தி மாத்தி ஓட விடுறது. இன்னொண்ணு, ஒவ்வொரு தீநாக்கும் அடுத்த டிராயிங்ல கொஞ்சம் மேல ஏறுற மாதிரி திட்டம் போட்டு வரையுறது. நான் ரொம்ப நாள் முதல் வழியிலதான் செஞ்சேன், இப்ப பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

மாத்தி காட்டுறது லேசு, மூணு டிராயிங் கூட போதும், வரிசையை மட்டும் 1, 3, 2, 1, 2, 3னு கலைச்சு விட்டா சரியாப்போச்சு. தூரத்துல ஒரு விளக்கு, பின்னாடி சுவத்துல ஒரு தீப்பந்தம், இதுக்கெல்லாம் தாராளமா போதும். ஆனா அதே நெருப்பு திரையில பாதியை அடைச்சுக்கிட்டு நின்னா மாட்டிக்குவோம், ஏன்னா அது நடுங்குதே தவிர எரியல, மேல போற ஓட்டமே இருக்காது, கத்தரிச்சு ஒட்டின காகிதம் படபடக்கிற மாதிரிதான் தெரியும்.

ஏத்தி விடுற வழியில சூட்சுமம் என்னன்னா, ஒரு தீநாக்கோட ஆயுசும், திரும்பத் திரும்ப ஓடுற அந்த லூப்போட நீளமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஒரு நாக்குக்கு எட்டு நிலைன்னு வச்சுக்குவோம்: அடியில புடைப்பு, கொஞ்சம் எழும்புது, வளையுது, நுனி நீளுது, கழுத்து ஒடுங்குது, துண்டாகுது, துண்டு சுருங்குது, கடைசியா புள்ளி. இதுக்கு எட்டு டிராயிங் வேணும்னுதான் முதல்ல தோணும். ஆனா முதல் டிராயிங்லயே 1வது நிலையில ஒரு நாக்கும் 5வது நிலையில இன்னொரு நாக்கும் வரைஞ்சிடுங்க, அடுத்ததுல 2ம் 6ம், அப்புறம் 3ம் 7ம், அப்புறம் 4ம் 8ம். இப்ப மறுபடி முதல் டிராயிங்குக்கு போனா 4ல இருந்தது தானா 5 ஆயிடுது, புள்ளி மறைஞ்சு அடியில புதுசா ஒரு புடைப்பு கிளம்புது, நாலு டிராயிங்ல எட்டு நிலையும் வந்துடுச்சு. செகண்டுக்கு 24 ஃபிரேம்ல ஒவ்வொரு டிராயிங்கையும் ரெண்டு ஃபிரேம் நிறுத்தினா லூப் 8 ஃபிரேம்தான், ஆனா ஒரு நாக்கு 16 ஃபிரேம் உயிரோட இருக்கும்.

ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை மட்டும் சமமா வைக்காதீங்க, அடியில நெருக்கமா மேல போகப்போக அகலமா வைங்க, இல்லன்னா கன்வேயர் பெல்ட்ல போற சாமான் மாதிரி ஏறும். டிராயிங்கை இன்னும் குறைச்சு ரெண்டே ரெண்டுல முடிக்கலாம்னு பார்க்காதீங்க, அதுல ஒவ்வொரு நாக்கும் அடுத்ததுக்கு சரியா பாதி தூரத்துல நிக்கும், மேல போகுதா கீழ வருதான்னு கண்ணுக்கு பிடிபடாது. குறைஞ்சது மூணு டிராயிங் இருக்கணும்.

இதுலயும் குறை இருக்கு, எல்லா நாக்கும் ஒரே பாதையில ஒரே பக்கம்தான் வளையும், இடம் வலம் மாறி வளையணும்னா எட்டு டிராயிங் போட்டே ஆகணும். அதோட செகண்டுக்கு மூணு தடவை அதே நாக்கு அதே இடத்துல எழும்புறது கண்ணுல உறுத்தும், லூப்பை பத்து செகண்ட் ஓட விட்டு பாருங்க, பார்வை ஒரே நுனியில போய் ஒட்டிக்கிச்சுன்னா அதுதான் கோளாறு. இதுக்கு நான் பண்றது, பின்னாடி லேயர்ல அடர்ந்த நிறத்துல அஞ்சு டிராயிங் லூப் ஒண்ணு, அது எதிர்ப்பக்கம் வளையும். நாலும் அஞ்சும் ஒண்ணு சேர்ந்து திரும்பி வர 20 டிராயிங் ஆகும், அதாவது 40 ஃபிரேம், வரைஞ்சது என்னவோ ஒம்பதுதான்.

புகைக்கு மாத்தி காட்டுற வழி சுத்தமா ஒத்து வராது, புகை மெதுவா போற சமாச்சாரம், ஒவ்வொரு தாவலும் தெரிஞ்சிடும். அதே ஏத்தி விடுற லூப்பையே மூணு ஃபிரேமுக்கு ஒண்ணா ஓட்டி, இடைவெளியை மட்டும் தலைகீழா போடுங்க, கீழ அகலம், மேல நெருக்கம். மறையுற இடத்துல ஒப்பாசிட்டியை குறைக்கிறதை விட ஓட்டை போட்டு அரிச்சு விடுறது மேல், ஏன்னா குறைஞ்ச டிராயிங்ல ஒப்பாசிட்டி படிப்படியா குதிக்கும், அது மினுக்கலா தெரியும்.

தண்ணி ரெண்டு ரகம். அருவி, அலை வளையம் எல்லாம் நெருப்பு மாதிரியேதான், ஒரு வளையம் அடுத்த வளையத்தோட இடத்துக்கு போகணும், அவ்வளவுதான். கல்லு விழுந்து தண்ணி தெறிக்கிறது வேற, அதுல லூப்புக்கே வேலை இல்ல, ஆறு டிராயிங்கை நேரத்தால பிரிக்கணும்: எழும்புற ரெண்டும் ஒவ்வொரு ஃபிரேம், உச்சியில தண்ணித்தாள் ஓட்டையாகி நூல் நூலா பிரியுற ரெண்டும் மூணு மூணு ஃபிரேம், துளியா விழுறது ரெண்டும் ரெண்டு ரெண்டு. மொத்தம் 12 ஃபிரேம், அரை செகண்ட், சின்ன கல்லுக்கு அளவா இருக்கும். ஆறையும் ரெண்டு ரெண்டு ஃபிரேம்னு போட்டாலும் அதே 12தான் வரும், ஆனா உச்சியில அந்த நிக்கிற கணம் இருக்காது, தண்ணி ரப்பர் மாதிரி எழும்பி இறங்கும்.