உள்ளே கேட்பதா, வெளியே கேட்பதா, போனில் கேட்பதா: திருப்பூர் ஆடிட்டில் ஒரு ‘ஒன்றரை ஷிப்ட்’ கணக்கு

பனியன் கம்பெனிக்கு சோஷியல் ஆடிட், அதாவது தொழிலாளர்களின் கூலியும் வேலை நேரமும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, போகிறவர்களுக்குள் ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. தொழிலாளியிடம் எங்கே வைத்துக் கேட்டால் உண்மை வரும்? கம்பெனிக்குள் ஒரு அறையிலா, சாயங்காலம் லைன் வீட்டிலா, இல்லை போன் சர்வேயிலா? மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கட்சி உண்டு. அதற்கு முன்னால், எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று பார்த்துவிடலாம்.

310 பேர் வேலை செய்த ஒரு யூனிட். காலை 8.30-லிருந்து 5.30 வரை ஒரு ஷிப்ட். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஷிப்ட் கூலி 480 ரூபாய், அதாவது மணிக்கு 60. ஏற்றுமதி நெருக்கடியில் இரவு 9.30 வரை ஓடும். திருப்பூர்க் கணக்கில் அதன் பெயர் ஒன்றரை ஷிப்ட். ஆறு நாளும் ஒன்றரை போட்டால் வாரம் 9 ஷிப்ட், 4,320 ரூபாய். வேலை நேரம் 72 மணி.

மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்கிறது சட்டம். இந்த ஆடிட் நடந்தபோது நடப்பில் இருந்தது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பரில் வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் இந்த இரட்டைக் கூலி அப்படியேதான் இருக்கிறது. ஆக, கூடுதலாக உழைத்த 24 மணிக்கு 2,880 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது 1,440.

ஆடிட்டுக்கு வைத்த பதிவேட்டில் இருந்ததோ வேறு. தினமும் 7.30-க்கு வேலை முடிகிறது. வாரம் 48 மணி, அதற்கு 2,880 ரூபாய். மிகைநேரம் 12 மணி, மணிக்கு 120 வீதம் 1,440. மொத்தம் 4,320! ஒற்றைக் கூலியில் 24 மணியும் இரட்டைக் கூலியில் 12 மணியும் ஒரே தொகைதான். வாரத்துக்கு 60 மணி என்ற வரம்பும் மீறவில்லை. இந்த மாதிரி நாலு வாரம் மட்டும் எழுதியிருந்ததால் காலாண்டு மிகைநேரம் 48 மணியில் நின்றது. அன்றைய சட்டத்தின் வரம்பு 50. எழுதியவர் கெட்டிக்காரர், மறுக்க முடியாது. பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, தொழிலாளி சொல்லும் தொகை, மூன்றும் ஒத்துப்போகும். கூலியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்தால் இந்த ஆலை பாஸ்.

உள்ளே வைத்துக் கேட்பதுதான் வழக்கமான முறை. ஸ்மெட்டா என்ற சர்வதேச ஆடிட் முறையில் இந்த அளவு ஆலைக்கு 26 பேர்: தனியாக 6 பேர், ஐந்தைந்து பேராக 4 குழு. இதன் பலம், கையில் பதிவேடு இருப்பது. யாரை வேண்டுமானாலும் நாமே மெஷினிலிருந்து எழுப்பிக் கூப்பிடலாம். அவர் சொன்னதை அடுத்த நிமிடமே அவருடைய வருகைப் பதிவில் பார்க்கலாம். பலவீனம், முதல் நாளே சொல்லிக்கொடுத்து வைத்திருப்பார்கள். “கட்டாயம் இல்லீங்க, விருப்பப்பட்டா இருப்போம்” என்று நாலு பேர் ஒரே வார்த்தையில் சொன்னால், அது ஒருவர் எழுதிக்கொடுத்த வசனம். குழுப் பேட்டி இன்னும் மோசம். முதலில் பேசுகிறவரின் பதிலே ஐந்து பேரின் பதிலாகிவிடும். ஊரில் மழை எப்படி, கேன்டீன் சாப்பாடு எப்படி என்பதற்கு மேல் குழுவில் நான் அதிகம் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் பொய் சொல்லாமலேயே தப்பான பதில் வரும் இடமும் ஒன்று இருக்கிறது. ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு அக்காவிடம் கேட்டேன்.

“ஓவர்டைம் இருக்குதுங்களாக்கா?”

“இல்லீங்க சார். ஓவர்டைமெல்லாம் இல்லீங்க.”

அவர் ஒளிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை இரவு 9.30 வரை இருப்பது ஓவர்டைமே அல்ல; அது ஒன்றரை. கேள்வித்தாளில் ‘ஓவர்டைம்’ என்று அச்சடித்திருந்ததால், நான் என் வார்த்தையில் கேட்டு அவருடைய பதிலைத் தவறவிட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம், கம்பெனிக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, லைன் வீட்டுத் தண்ணிக் குழாயடியில் வேறு இரண்டு பேரிடம் “போன சனிக்கிழமை எத்தனை ஷிப்டுங்க?” என்று கேட்டேன். “ஒன்றரைங்க. வாரம் பூரா ஒன்றரைதானுங்க.” தயக்கமே இல்லை.

இதனால்தான் வெளியே கேட்பது என் கட்சி. ஆனால் அதற்கும் ஓட்டைகள் உண்டு. லைன் வீட்டில் பேசுகிறவர் இந்த ஆலையா, பக்கத்து ஜாப் ஒர்க் யூனிட்டா என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவர்கள் இருக்கும் ஊர் இது. ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களிடம் பேச நமக்கு மொழி வேண்டும். அவர்களைக் கூட்டிவந்த கான்ட்ராக்டரையே மொழிபெயர்க்க வைப்பதற்குக் கேட்காமலே இருந்துவிடலாம். காம்பவுண்டுக்குள் இருக்கும் விடுதியை ‘வெளியே’ என்று கணக்கில் எழுதுகிறவர்களும் உண்டு. வார்டன் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று பார்த்தாலே போதும்.

எல்லாவற்றையும்விட, வெளியே கிடைப்பது தகவல், ஆதாரம் அல்ல. குழாயடிப் பேச்சை அப்படியே அறிக்கையில் எழுதினால் ஆலை மறுக்கும். அதோடு, யார் சொன்னது என்று தேட ஆரம்பிக்கும். அதனால் அந்தத் தகவலை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போக வேண்டும். மூன்றாம் நாள் நான் கேட்டது உடைந்த ஊசிப் பதிவேடு. துணியில் ஊசித் துண்டு சிக்கினால் சரக்கே திரும்பிவரும் என்பதால் அதைப் பெரும்பாலும் பொய்யாக எழுதுவதில்லை. மெஷின் நம்பர், தேதி, நேரம் எழுதி, உடைந்த துண்டுகளை செலோ டேப்பில் ஒட்டியிருப்பார்கள். அதில் நாலு வாரத்தில் பதினொரு ஊசிகள் இரவு 7.30-க்குப் பிறகு உடைந்திருந்தன. கடைசி ஊசி 9.10-க்கு. அந்த நேரத்தில் அந்த மெஷினில் வேலையே இல்லை என்கிறது வருகைப் பதிவேடு. ஜெனரேட்டர் ஓடிய நேரத்தை எழுதும் லாகும் அதே கதையைச் சொன்னது.

இதைக் கேட்ட விதமும் முக்கியம். பேட்டி முடிந்த கையோடு கேட்டிருந்தால், பேட்டியையும் ஊசியையும் சூப்பர்வைசர் முடிச்சுப் போட்டிருப்பார். மெட்டல் டிடெக்டர் சோதனைப் பதிவோடு சேர்த்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தரக் கட்டுப்பாட்டு வேலை மாதிரிக் கேட்டேன். அறிக்கையில் ஊசிதான் சாட்சி. எந்தத் தொழிலாளியின் வாயும் அதில் இல்லை.

போன் சர்வேயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 310 பேரையும் எட்டலாம், செலவு குறைவு, முகம் தெரியாது. ஆனால் பதிவு செய்த குரல் “மிகைநேரம் உண்டா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்” என்று கேட்டால், அந்த அக்கா இரண்டைத்தான் அழுத்துவார். கேள்வியை ஷிப்டில் கேட்டால் உதவும். அதுவும் முதல் ஆடிட்டுக்கு அல்ல, பிறகு நிலைமை மாறியதா என்று பார்க்க.

ஒரு ஆடிட்டரின் ஒரு நாள் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும் என்றால், நான் அதைக் கம்பெனி ஆடிட்டுக்கு முந்தின சாயங்காலம் வெளியே செலவழிப்பேன். முந்தின சாயங்காலமே கேட்டிருந்தால் உள்ளே முதல் நாளை வீணாக்கியிருக்க மாட்டேன்.

இந்த ஆலை திருத்திக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். பதிவேட்டில் இருந்ததையே நிஜமாக்கி, 60 மணிக்கு 4,320 கொடுத்திருக்கலாம். அவர்கள் மிகைநேரத்தையே நிறுத்திவிட்டார்கள்; வாரக் கூலி 2,880-க்கு இறங்கியது. ஆறு மாதம் கழித்து மறு ஆடிட்டில் உள்ளே 26 பேரையும் கேட்டேன், பதிவேடு சுத்தம், ஊசிகளும் 5.30-க்கு முன்னாலேயே உடைந்திருந்தன. சாயங்காலம் அதே குழாயடிக்குப் போனேன். முன்பு பேசிய இருவரும் கம்பெனி மாறியிருந்தார்கள். ஒருவர் மட்டும் இரவு பத்து மணிக்கு வந்தார். பக்கத்து யூனிட்டில் ஒன்றரை போட்டுவிட்டு.